பில் நம்பர் வரிசையில் ஓட்டை: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

விற்பனைப் பட்டியலில் ஏதாவது பில் விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கத் தொகையை நம்ப முடியாது. இந்த மாதம் எவ்வளவு விற்றிருக்க வேண்டும் என்று யாருக்கும் முன்கூட்டியே தெரியாது. ஆனால் 911ஆம் பில்லுக்கு அடுத்தது 912 என்பது எல்லாருக்கும் தெரியும். ஜிஎஸ்டி விதிகளில் 46ஆம் விதியும் இதைத்தான் கேட்கிறது: பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும், 16 எழுத்துக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு பில்லுக்கு இருக்கக்கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சீரிஸ் வைத்துக்கொள்ளலாம். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13ஆம் அட்டவணையில் ஒவ்வொரு சீரிஸுக்கும் முதல் எண், கடைசி எண், மொத்தம், ரத்தானவை, நிகரம் என்று எழுதிக் கொடுக்கவும் வேண்டும்.

அந்த அட்டவணையை நிரப்ப உட்காரும்போதுதான் பலருக்குக் கணக்கு இடிக்கும். அப்போது எதை முதலில் பார்ப்பது, எந்த அறிகுறி எந்தக் காரணத்தைக் காட்டுகிறது என்பதை ஒரு எடுத்துக்காட்டை வைத்துப் பார்ப்போம்.

ஈரோட்டில் ஒரு மொத்த விற்பனைக் கடை என்று வைத்துக்கொள்வோம். சீரிஸ் `ER/25-26/`, அதன் பின்னால் ஐந்து இலக்கம். 2025 ஜூன் மாதத்தின் முதல் பில் `ER/25-26/00871`, கடைசி பில் `ER/25-26/01204`. பில்லிங் சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த எக்செல் பட்டியலில் 331 பதிவுகள் இருக்கின்றன.

## எதையும் தேடுவதற்கு முன் நான்கு எண்கள்

பில் எண் A நெடுவரிசையில் இருக்கிறது. அது எழுத்து, கழித்துப் பார்க்க முடியாது. எனவே பக்கத்து நெடுவரிசையில் கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எண்ணாக எடுத்துக்கொள்ளுங்கள்:

```
=VALUE(RIGHT(TRIM(A2),5))
```

இதைக் கடைசிவரை இழுத்துவிட்டால் B2 முதல் B332 வரை எண்கள் வந்துவிடும். எந்தக் கட்டத்திலாவது `#VALUE!` வந்தால் அங்கேயே நின்று அந்தப் பில் எண்ணைப் பாருங்கள். பெரும்பாலும் யாராவது கையால் "00960A" என்று அடித்திருப்பார்கள். அதைச் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது.

அப்புறம் இந்த நான்கையும் ஒரு ஓரத்தில் எழுதுங்கள்:

```
=MIN(B2:B332)
=MAX(B2:B332)
=COUNT(B2:B332)
=SUMPRODUCT(1/COUNTIF(B2:B332,B2:B332))
```

நம் கடைக்கு இவை முறையே 871, 1204, 331, 330 என்று வருகின்றன. முதல் இரண்டிலிருந்து எத்தனை பில் இருக்க வேண்டும் என்று தெரியும்: 1204 − 871 + 1 = 334. அந்த "+ 1" முக்கியம். 871 முதல் 873 வரை மூன்று பில். கழித்தால் இரண்டுதான் வரும். இதை மறந்துவிட்டால், ஒரே ஒரு பில் விடுபட்டிருக்கும்போது எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

இப்போது 334க்கு 331 இருக்கிறது, எனவே மூன்று விடுபட்டிருக்கிறது என்று சொல்லத் தோன்றும். அது தவறு. நான்காவது எண்ணைப் பாருங்கள்: வெவ்வேறு எண்கள் 330தான். ஏதோ ஒரு எண் இரண்டு முறை வந்து ஒரு இடைவெளியை மறைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் விடுபட்டவை நான்கு.

இந்த நான்கு எண்களை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பதிவுகளின் எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்துவிட்டு "டேலி ஆகிவிட்டது" என்று நகர்ந்துவிடும் பழக்கம் பல அலுவலகங்களில் இருக்கிறது. ஒரு எண் இருமுறை, ஒரு எண் இல்லை என்றால் எண்ணிக்கை அச்சு அசலாகச் சரியாக வரும். ஆனால் பட்டியல் தவறு.

## அறிகுறி: நூற்றுக்கணக்கில் இடைவெளி காட்டுகிறது

விடுபட்ட எண்களின் பட்டியலை எடுக்க எக்செல் 2021 அல்லது 365 இருந்தால் ஒரே வாய்பாடு போதும்:

```
=LET(n,B2:B332,
 s,SEQUENCE(MAX(n)-MIN(n)+1,1,MIN(n)),
 FILTER(s,COUNTIF(n,s)=0,"இல்லை"))
```

பழைய எக்செல் என்றால் முழுப் பட்டியலையும் B நெடுவரிசைப்படி ஏறுவரிசையில் அடுக்கிவிட்டு C3 கட்டத்தில் `=B3-B2` என்று போட்டு இழுங்கள். எங்கும் 1 வர வேண்டும். 2 வந்தால் ஒரு பில் இல்லை, 3 வந்தால் இரண்டு பில் இல்லை, 0 வந்தால் அதே எண் மறுபடி வந்திருக்கிறது. எனக்கு இந்தப் பழைய முறைதான் அதிகம் பிடிக்கும். இடைவெளியும் இரட்டிப்பும் ஒரே பார்வையில் தெரியும், பக்கத்திலேயே தேதியும் வாடிக்கையாளர் பெயரும் இருக்கும்.

இதைப் போட்டதும் நான்கைந்துக்குப் பதில் முந்நூறு நானூறு எண்கள் வந்து கொட்டினால் பில்லைத் தேடிக் கிளம்ப வேண்டாம். அத்தனை பில் காணாமல் போகாது. பட்டியலை எடுத்த விதத்தில்தான் கோளாறு.

முதலில் சீரிஸ் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கடையில் கடன் விற்பனைக்கு ஒரு சீரிஸ், ரொக்கத்துக்கு ஒன்று, கிளைக்கு ஒன்று என்று இருக்கலாம். கடைசி ஐந்து இலக்கத்தை மட்டும் எடுத்தால் `ER` சீரிஸின் 871உம் `BH` சீரிஸின் 212உம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். நடுவில் உள்ள அத்தனையும் இடைவெளியாகத் தெரியும். `=LEFT(TRIM(A2),9)` என்று இன்னொரு நெடுவரிசை வைத்துச் சீரிஸைப் பிரியுங்கள். தேடல் எப்போதும் ஒரு சீரிஸுக்குள், ஒரு நிதியாண்டுக்குள் மட்டும். ஏப்ரல் 1 அன்று எண் மறுபடி 1இலிருந்து தொடங்கும் கடைகளில் மார்ச், ஏப்ரல் பில்களைச் சேர்த்து அடுக்கினாலும் இதே குழப்பம்தான்.

அடுத்தது, எழுத்தாக அடுக்குவது. எண்ணின் முன்னால் பூஜ்ஜியம் வைக்காத சாஃப்ட்வேர்களில் `ER/9`, `ER/10`, `ER/100` என்று இருக்கும். இதை எழுத்தாக அடுக்கினால் 10, 100, 9 என்ற வரிசையில் வரும். கழித்தல் கணக்கு போட்டால் 90, −91 என்று விசித்திரமான விடைகள் வரும். எதிர்மறை எண்ணைப் பார்த்தாலே போதும், எழுத்தாக அடுக்கப்பட்டிருக்கிறது என்று முடிவு செய்யலாம்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் சூட்சுமமானது: தேதியை வைத்து வடிகட்டுவது. சிஎஸ்வி கோப்பில் தேதி `07/06/2025` என்று நாள், மாதம், ஆண்டு வரிசையில் இருக்கிறது. அதைத் திறக்கும் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் ஜூன் 7 என்பது ஜூலை 6 ஆகிவிடும். ஜூன் 1 முதல் 12 வரை உள்ள எல்லாத் தேதியும் இப்படி வேறு மாதத்துக்குத் தாவும், 6ஆம் தேதியைத் தவிர. `06/06` எப்படிப் படித்தாலும் ஜூன் 6தான். 13ஆம் தேதியிலிருந்து மாதம் என்று எடுத்துக்கொள்ள முடியாததால் எக்செல் அதைத் தேதியாகவே மாற்றாமல் எழுத்தாக விட்டுவிடும். கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி நிற்கும். ஆக, ஜூன் மாதத்தை வடிகட்டினால் 6ஆம் தேதிப் பில்கள் மட்டும் நிற்கும். ஒரே ஒரு நாள் பில்கள் மட்டும் பத்திரமாக இருந்து மற்றதெல்லாம் காணவில்லை என்றால், அந்த நாளும் மாதமும் ஒரே எண்ணா என்று பாருங்கள்.

தேதிச் சிக்கல் இல்லாத இடத்திலும், மாதத்தை வடிகட்டிவிட்டு இடைவெளி தேடுவதை நான் தவிர்த்துவிடுவேன். மே 31 தேதியிட்டு ஜூனில் போட்ட ஒரு பில் இருந்தால் அது ஜூன் பட்டியலில் பொய் இடைவெளியாக வரும். நிதியாண்டு முழுவதையும் எடுத்து எண் வரிசையில் அடுக்கி, இடைவெளிகளைக் கண்டுபிடித்த பிறகு வேண்டிய மாதத்தின் பகுதியைப் பாருங்கள்.

## அறிகுறி: விரல்விட்டு எண்ணும் அளவுக்கு இடைவெளி

இதுதான் உண்மையான வேலை. நம் ஈரோட்டுக் கடையில் C நெடுவரிசையில் நான்கு இடங்களில் மட்டும் 1 இல்லை:

00912 இல்லை. 00958 இருமுறை. 00985 இல்லை. 01041, 01042 இரண்டும் இல்லை.

விடுபட்டவை நான்கு, இரட்டிப்பு ஒன்று. மேலே நான்கு எண்களில் பார்த்த கணக்கோடு ஒத்துப்போகிறது. ஒத்துப்போகவில்லை என்றால் வாய்பாட்டின் எல்லை கடைசிப் பதிவுவரை போகவில்லை என்று அர்த்தம்.

இரட்டிப்பிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனென்றால் பாதி நேரம் ஒரு இடைவெளிக்கான விடை அதிலேயே இருக்கும். 00958 என்ற இரண்டு பதிவுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றின் தேதி ஜூன் 9, இன்னொன்றின் தேதி ஜூன் 11. இப்போது விடுபட்ட 00985இன் இரு பக்கத்தையும் பாருங்கள்: 00984 ஜூன் 11, 00986 ஜூன் 11. புரிந்துவிட்டது. ஜூன் 11 தேதியிட்ட அந்த இரண்டாவது பதிவு 00985தான்; கையால் அடித்தபோது கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது. பில் நகலை எடுத்து எண்ணை உறுதி செய்துவிட்டுத் திருத்தலாம். இரண்டு பதிவுகளில் வாடிக்கையாளரும் தொகையும் தேதியும் ஒன்றாகவே இருந்திருந்தால் கதை வேறு: அதே பில் இருமுறை ஏறியிருக்கிறது, ஒன்றை எடுத்துவிட வேண்டும். அப்போது 00985க்குத் தனியாக விடை தேட வேண்டியிருக்கும்.

அடுத்து 00912. தனியாக ஒரே ஒரு எண், முன்னும் பின்னும் ஒழுங்காக ஜூன் 5 தேதிப் பில்கள். இப்படித் தனித்து நிற்கும் இடைவெளியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது ரத்தான பில். சாஃப்ட்வேர் அறிக்கை நடப்பில் உள்ள பில்களை மட்டும் கொடுத்திருக்கலாம். அறிக்கையின் அமைப்பில் ரத்தானவற்றையும் சேர்த்து மறுபடி எடுங்கள். வந்துவிட்டால் நல்லது. அது காணாமல் போன பில் இல்லை. 13ஆம் அட்டவணையில் ரத்து என்ற இடத்தில் போக வேண்டிய பில். ஆனால் ரத்தான நகல் கோப்பில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மூன்று பிரதியும் கடையிலேயே இருந்தால் அது ரத்துதான். வாடிக்கையாளர் பிரதி மட்டும் இல்லை என்றால் சரக்கு போயிருக்கக்கூடும்.

ரத்தானவற்றைச் சேர்த்த பிறகும் வரவில்லை என்றால் பில் அழிக்கப்பட்டிருக்கிறது. டேலியில் இந்த வித்தியாசம் இரண்டு விசைகளில் இருக்கிறது. `Alt+X` அழுத்தினால் ரத்து: எண் நிற்கும், தொகை போய்விடும். `Alt+D` அழுத்தினால் பதிவே போய்விடும். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு சாஃப்ட்வேரில் திருத்தங்களின் தடம் பதிவாக வேண்டும் என்பது சட்டம். அந்தத் தடம் இருந்தால் யார், எப்போது அழித்தார் என்று பார்க்கலாம். தனி உரிமையாளர் கடைகளுக்கு இந்தக் கட்டாயம் இல்லை என்பதால் அங்கே பழைய பேக்கப்பைத் திறந்து பார்ப்பதுதான் வழி. ஜூன் 5 இரவு எடுத்த பேக்கப்பில் 00912 இருந்து, ஜூன் 30 பேக்கப்பில் இல்லை என்றால் இடைப்பட்ட நாளில் அழித்திருக்கிறார்கள்.

நம் கடையில் 00912 ரத்துதான். அறிக்கையை மறுபடி எடுத்ததும் வந்துவிட்டது.

கடைசியாக 01041, 01042. அடுத்தடுத்த இரண்டு, இரு பக்கமும் ஜூன் 17. சேர்ந்து விடுபடும்போது அவை இரண்டுக்கும் பொதுவாக ஏதோ இருக்கிறது என்று நினையுங்கள்: ஒரே வாடிக்கையாளர், ஒரே ஊழியர், ஒரே நேரம். பில் புத்தகத்தைப் பார்த்தால் இரண்டும் அன்று புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளருக்குப் போட்டவை. பில்லில் பெயர் இருக்கிறது, ஆனால் வாடிக்கையாளர் பட்டியலில் அவரை இன்னும் சேர்க்கவில்லை. அறிக்கை எடுக்கும் வினவல் இப்படி எழுதப்பட்டிருந்தது:

```sql
SELECT b.bill_no, b.bill_date, c.name, b.amount
FROM bills b
JOIN customers c ON c.id = b.customer_id;
```

`JOIN` என்றால் இரு பக்கமும் பொருந்துகிற பதிவுகள் மட்டும்தான் வரும். வாடிக்கையாளர் இல்லாத பில் சத்தமில்லாமல் விழுந்துவிடும், பிழைச் செய்தி எதுவும் வராது. `LEFT JOIN` என்று மாற்றினால் பெயர் காலியாக இருந்தாலும் பில் வரும். தரவுத்தளத்தில் இருக்கும் பில் அறிக்கையில் மட்டும் காணாமல் போவதற்கு நான் பார்த்தவரை இதுதான் மிகப் பொதுவான காரணம். அதனால் இடைவெளி தேடும்போது அறிக்கையில் தேடாமல், `bills` என்ற மூல அட்டவணையிலேயே தேடுவது நல்லது:

```sql
SELECT series, num + 1 AS gap_from, nxt - 1 AS gap_to
FROM (
  SELECT series, num,
         LEAD(num) OVER (PARTITION BY series
                         ORDER BY num) AS nxt
  FROM bills
) t
WHERE nxt - num > 1;
```

`LEAD` என்பது அடுத்த பதிவின் எண்ணைப் பக்கத்தில் கொண்டுவந்து வைக்கிறது. வித்தியாசம் ஒன்றுக்கு மேல் இருக்கும் இடங்கள் மட்டும் வருகின்றன. எக்செலில் போட்ட அதே கழித்தல்தான். அறிக்கையில் இடைவெளி இருந்து இங்கே இல்லை என்றால் அறிக்கையின் வினவலைப் பாருங்கள். இரண்டிலும் இருந்தால் பில் உள்ளேயே ஏறவில்லை, அல்லது ஏறிய பிறகு போய்விட்டது.

இப்போது கணக்கு முடிகிறது. இருந்த 331 பதிவுகளில் ஒன்றின் எண்ணை 00985 என்று திருத்தினோம், எண்ணிக்கை மாறவில்லை. 01041, 01042 சேர்ந்து 333. ரத்தான 00912 சேர்ந்து 334. அட்டவணையில் 00871 முதல் 01204 வரை, மொத்தம் 334, ரத்து 1, நிகரம் 333.

## அறிகுறி: இடைவெளி தொள்ளாயிரத்துச் சொச்சம், ஒரே தாவல்

வேறு ஒரு கடையில் எண்கள் 412, 413 என்று வந்து அடுத்து 1413 என்று போகிறது. நடுவில் எதுவும் இல்லை. பில் எண்ணை SQL Server இன் `IDENTITY` நெடுவரிசையிலிருந்து எடுத்தால் இப்படி நடக்கும். 2012 பதிப்பிலிருந்து அது ஆயிரம் எண்களை முன்கூட்டியே நினைவகத்தில் ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. கரண்ட் போய்ச் சர்வர் திடீரென்று நின்றால் ஒதுக்கியதில் மிச்சம் இருந்தது போய்விடும். தாவலுக்கு முந்தைய பில்லின் நேரத்தையும் பிந்தைய பில்லின் நேரத்தையும் பார்த்து, இடையில் சர்வர் மறுபடி தொடங்கியதா என்று பதிவேட்டில் பாருங்கள். இருந்தால் பில் எதுவும் தொலையவில்லை. அதை எழுதி வைத்துக்கொண்டால் ஆடிட்டர் கேட்கும்போது காட்டலாம்.

2017 பதிப்பிலிருந்து `IDENTITY_CACHE` அமைப்பை அணைத்து இந்தத் தாவலை நிறுத்தலாம். ஆனாலும் ஒற்றை ஒற்றையாக இடைவெளி வந்துகொண்டுதான் இருக்கும். பில்லைச் சேமிக்கும்போது ஏதோ பிழை வந்து பரிவர்த்தனை பின்வாங்கினால், எடுத்த எண் திரும்ப வராது. PostgreSQL இன் `SEQUENCE` உம் இப்படித்தான். இரண்டும் எண் மோதாமல் இருப்பதற்காகச் செய்யப்பட்டவை, தொடர்ச்சிக்காக அல்ல. சட்டப்படி தொடர்ச்சியாக இருக்க வேண்டிய எண்ணை இவற்றிலிருந்து எடுக்கவே கூடாது. சீரிஸுக்கு ஒரு பதிவாகத் தனி எண்ணி வைத்து, பில்லைச் சேமிக்கும் அதே பரிவர்த்தனைக்குள் அதைக் கூட்டுங்கள்:

```sql
BEGIN;
UPDATE bill_counter SET last_no = last_no + 1
WHERE series = 'ER/25-26/'
RETURNING last_no;
-- வந்த எண்ணை வைத்து bills இல் INSERT
COMMIT;
```

இது PostgreSQL க்கான வடிவம். சேமிப்பது தோற்றால் எண்ணியும் பழைய இடத்துக்கே திரும்பும். ஒருவர் சேமித்து முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும் என்பது இதன் விலை. கடைக் கவுண்டரில் அது உணரவே முடியாத நேரம்தான்.

## அறிகுறி: இடைவெளியே இல்லை, ஆனாலும் ஒரு பில் கணக்கில் இல்லை

வாடிக்கையாளர் பில் நகலோடு வந்து நிற்கிறார். உங்கள் பட்டியலில் அவருடைய பில் இல்லை. வரிசையிலோ ஒரு ஓட்டையும் இல்லை. இதைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விடக் கவலையோடு பார்ப்பேன், ஏனென்றால் இங்கே மேலே சொன்ன எந்த வாய்பாடும் வாய் திறக்காது.

எளிய காரணம், பில் வரிசையின் ஓரத்தில் விடுபட்டிருப்பது. கடைசியாகப் போட்ட 01203, 01204 இரண்டும் ஏறவில்லை என்றால் `MAX` 1202 என்று காட்டும். 871 முதல் 1202 வரை ஒரு குறையும் இருக்காது. `LEAD` க்கும் கடைசிப் பதிவுக்கு அடுத்து எதுவும் தெரியாது. எனவே இரு முனைகளையும் வெளியிலிருந்து உறுதி செய்ய வேண்டும். மே மாதத்தின் கடைசி எண் 00870ஆ, ஜூலையின் முதல் எண் 01205ஆ என்று பார்த்தால் போதும். ஜூலையில் இன்னும் பில் போடவில்லை என்றால் பில் புத்தகத்தில் கடைசியாகக் கிழித்த தாள்தான் சாட்சி. இதன் பெரிய வடிவம், ஒரு சீரிஸ் முழுவதுமே வராமல் போவது. கிளையின் கோப்பை இணைக்க மறந்துவிட்டால் அந்தச் சீரிஸில் ஒரு பதிவுகூட இருக்காது, இடைவெளியும் இருக்காது. கடையில் நடப்பில் உள்ள சீரிஸ்களின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்து அதோடு ஒப்பிடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அடுத்த காரணம் எண் மறுபடி பயன்படுவது. பல உள்ளூர் பில்லிங் சாஃப்ட்வேர்களில் அடுத்த எண்ணை `MAX(num) + 1` என்று எடுப்பார்கள். கடைசியாகப் போட்ட பில்லை ஒருவர் அழித்துவிட்டால் அடுத்த பில்லுக்கு அதே எண் கிடைக்கும். வரிசை சுத்தமாக இருக்கும். வாடிக்கையாளர் கையில் உள்ள 01150 ஒன்று, உங்கள் கணக்கில் உள்ள 01150 வேறொன்று. இரண்டு கவுண்டரில் ஒரே நொடியில் பில் போட்டால் இருவருக்கும் ஒரே எண் கிடைக்கும் ஆபத்தும் இதில் இருக்கிறது. குறைந்தபட்சம் சீரிஸ், எண் இரண்டும் சேர்ந்து தனித்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டையாவது அட்டவணையில் வைத்துவிடுங்கள்.

இன்னும் மோசமானது எண்களை முன்னுக்கு இழுப்பது. டேலியில் தானியங்கி எண் முறையில், நடுவில் ஒரு பில்லை அழித்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கிறது. அது `Renumber Vouchers` என்று இருந்தால், 01000 அழிந்தவுடன் 01001 பழைய 01000இன் இடத்துக்கு வரும், 01002 ஒன்று இறங்கும், அப்படியே கடைசிவரை. `Retain Original Voucher No.` என்று இருந்தால் எண்கள் நகராது, இடைவெளி தெரியும். விற்பனை பில்லுக்கு இரண்டாவதைத்தான் வைக்க வேண்டும்.

எண்கள் நகர்ந்திருக்கின்றனவா என்று கண்டுபிடிக்கக் கணினிக்கு வெளியே இருக்கும் ஒரு பட்டியல் வேண்டும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் உள்ள கடை என்றால் நல்ல சாட்சி ஏற்கெனவே இருக்கிறது: இ-இன்வாய்ஸ் தளம். அங்கே ஒவ்வொரு பில்லுக்கும் கொடுக்கும் தனி அடையாள எண்ணான ஐஆர்என், பில் எண்ணை வைத்தே உருவாகிறது. பிறகு உங்கள் கணினியில் எண் மாறினாலும் அங்கே மாறாது. 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாலும் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த அது விடாது. தளத்திலிருந்து எடுத்த பட்டியலையும் உங்கள் பட்டியலையும் எண்ணை வைத்து இணைத்துத் தொகையை ஒப்பிடுங்கள். 00999 வரை ஒத்துப்போய், 01000இலிருந்து ஒவ்வொரு தொகையும் ஒரு இடம் தள்ளி நின்றால் 01000தான் அழிக்கப்பட்ட பில். ஜிஎஸ்டி எண் இல்லாத வாடிக்கையாளருக்குப் போட்ட பில்லுக்கு இந்தச் சாட்சி கிடையாது.

இ-இன்வாய்ஸ் இல்லாத கடையில் அச்சிட்ட நகல்களே போதும். எல்லாவற்றையும் புரட்ட வேண்டியதில்லை. நடுவில் ஒரு நகலை எடுங்கள், எண்ணும் தொகையும் கணினியோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒத்துப்போனால் அதற்குப் பிந்தைய பாதியின் நடுவில், ஒத்துப்போகவில்லை என்றால் முந்தைய பாதியின் நடுவில் அடுத்ததை எடுங்கள். ஒவ்வொரு முறையும் தேட வேண்டிய பகுதி பாதியாகும். 334 பில்லில் ஒன்பது நகலைப் பார்ப்பதற்குள் நகர்வு தொடங்கிய இடத்துக்கு வந்துவிடுவீர்கள். ஒரே ஒரு பில் அழிந்திருந்தால் இது நேராக வேலை செய்யும். ஒன்றுக்கு மேல் அழிந்திருந்தால் முதல் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு, அங்கிருந்து கணினியில் உள்ள எண்ணோடு ஒன்று கூட்டி நகலோடு ஒப்பிட்டு மறுபடி தேடுங்கள். அடுத்த நகர்வு தொடங்கும் இடம் வரும்.